டி.டி.எச். பில்: பேக்கா, தனிச் சேனலா?

டி.டி.எச். இணைப்புக்கு மாதம் 360 ரூபாய் கட்டும் வீட்டில், அந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ரீசார்ஜ் முடியப்போகிறது என்று மெசேஜ் வந்ததும் போன மாதம் போட்ட அதே தொகையைப் போட்டுவிடுவோம். பில்லைக் குறைக்க நினைப்பவர் முதலில் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதில் மூன்று பங்குகள் உண்டு. முதலாவது, என்.சி.எஃப். எனப்படும் இணைப்புக் கட்டணம். சேனல்களை உங்கள் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக டி.டி.எச். நிறுவனம் வாங்கும் தொகை இது. இரண்டாவது, நீங்கள் எடுத்திருக்கும் கட்டணச் சேனல்களின் விலை. மூன்றாவது, இவ்விரண்டின் மீதும் விழும் 18 சதவீத ஜி.எஸ்.டி. செய்திச் சேனல்கள் உட்படப் பல சேனல்கள் இலவசப் பட்டியலில் வருகின்றன. அவற்றுக்குத் தனி விலை இல்லை. இணைப்புக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

தனித்தனியாகச் சேனல் எடுக்கும் உரிமை நமக்கு நடைமுறையில் வந்தது 2019 பிப்ரவரியில், டிராய் கொண்டுவந்த புதிய கட்டண விதிகளால். ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் ஒரு விலையை அறிவித்தாக வேண்டும், கேட்பவருக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. இந்தப் பேக்கை எடுத்தால்தான் அந்தச் சேனல் வரும் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

பேக்கிலும் இரண்டு வகை இருக்கிறது. பலர் குழம்புவது இங்கேதான். டி.டி.எச். நிறுவனமே பல குழுமங்களின் சேனல்களைச் சேர்த்து, 'தமிழ் ஃபேமிலி' என்பது போலப் பெயரிட்டு விற்பது ஒரு வகை. சேனல்களை நடத்தும் குழுமம் தன் சொந்தச் சேனல்களை மட்டும் கட்டித் தருவது இன்னொரு வகை. முதல் வகையைத்தான் நிறுவனத்தின் செயலியும் கடைக்காரரும் முன்னால் காட்டுவார்கள். இரண்டாவதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். பில் குறைவதற்கு வழியும் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

குழும பேக்கில் எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்பதற்கு வரம்பு உண்டு. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலை எந்த பேக்கிலும் சேர்க்கக் கூடாது. முன்னணிச் சேனல்கள் பலவற்றின் விலை சரியாக 19 ரூபாயில் வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். பேக்கின் விலை, அதிலுள்ள சேனல்களின் தனி விலைகளைக் கூட்டினால் வருவதில் 45 சதவீதத்துக்கு மேல் குறையவும் கூடாது. தனிச் சேனலின் விலை 100 என்றும் பேக்கின் விலை 20 என்றும் வைத்து, தேர்வு என்பதே பொய்யாகிவிடக் கூடாது என்பதற்கான வேலி இது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு எளிது. ஒரு குழுமத்தில் நீங்கள் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களின் தனி விலைகளைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை குழும பேக்கின் விலையைத் தாண்டினால் பேக், தாண்டாவிட்டால் தனிச் சேனல்.

ஒரு வீட்டை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் விலைகளை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ரெடிமேட் பேக்கும் இணைப்புக் கட்டணமும் வரியும் சேர்த்து இந்த வீட்டின் பில் 360 ரூபாய். இவர்கள் அதிகம் பார்ப்பது ஒரே குழுமத்தின் ஐந்து சேனல்கள்: சீரியலுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று, இரண்டும் தலா 19 ரூபாய், காமெடி 9, பாட்டு 6, குழந்தைகளுக்கு 6. கூட்டினால் 59. அந்தக் குழுமத்தின் பேக் 50 ரூபாய். ஆகவே இங்கே பேக்தான் லாபம். பார்க்காத சேனல்களும் அதோடு வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

மற்ற இரண்டு குழுமங்களில் இவர்கள் பார்ப்பது தலா ஒரே ஒரு சீரியல் சேனல். அதற்காக முழு பேக் எடுப்பது வீண். 19 ரூபாய் வீதம் தனியாக 38. கிரிக்கெட்டுக்கு ஒரு விளையாட்டுச் சேனல் 19. மொத்தம் 107. இணைப்புக் கட்டணம் 130 என்று கொண்டால் 237. வரியோடு 279 ரூபாய் 66 காசு. மாதம் 80 ரூபாய் மிச்சம். எல்லாவற்றையும் தனித்தனியாகவே எடுத்திருந்தால் 290 ரூபாய் ஆகியிருக்கும். கிரிக்கெட் சீசன் முடிந்ததும் விளையாட்டுச் சேனலை நீக்கினால் பில் 257 ரூபாய்க்கு இறங்கும். இதே வீட்டில் பாட்டும் குழந்தைகள் சேனலும் வேண்டாம் என்றால், முதல் குழுமத்தின் கூட்டுத்தொகை 47 ஆகி, பேக்கை விடத் தனிச் சேனல் 3 ரூபாய் குறைந்துவிடும். ஆக, பேக்கா தனிச் சேனலா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு குழுமத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

கணக்கு தவறும் இடம் இணைப்புக் கட்டணம். 2020 திருத்தத்தின்படி 200 சேனல்கள் வரை அதிகபட்சம் 130 ரூபாய், அதற்கு மேல் போனால் 160 என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் டிராய் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இப்போது நிறுவனமே தொகையைத் தீர்மானிக்கிறது. சேனல் எண்ணிக்கை, பகுதி, வாடிக்கையாளர் வகை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறலாம். ரெடிமேட் பேக் எடுப்பவருக்குக் குறைந்த இணைப்புக் கட்டணமும், தனித்தனியாக எடுப்பவருக்கு முழுக் கட்டணமும் வந்தால், மேலே மிச்சம் பிடித்த 80 ரூபாய் கரைந்துவிடும். பேக்கின் விலையில் வரியும் இணைப்புக் கட்டணமும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு பக்கமும் கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது எச்.டி. ஒரு சேனலின் சாதாரண வடிவமும் எச்.டி. வடிவமும் இரண்டு தனிச் சேனல்கள், இரண்டுக்கும் தனித்தனி விலை. ஒரே பேக்குக்குள் இரண்டையும் வைக்க விதி இடம் தருவதில்லை. ஆனால் சாதாரண பேக் இருக்கும்போதே எச்.டி. சேனலைத் தனியாகச் சேர்த்தால் இரண்டுக்கும் பணம் போகும். பெட்டி எச்.டி. அல்லாததாக இருந்தும் எச்.டி.க்குக் கட்டுகிற வீடுகள் உண்டு. பேக்கில் இருக்கும் சேனலையே தனியாகவும் எடுத்து வைத்திருப்பதும் இதே வகை இழப்புதான்.

மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், வீட்டில் யார் எந்தச் சேனலைப் பார்க்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். 'எப்பவாவது பார்ப்போம்' என்று சொல்லும் சேனலை முதல் மாதத்தில் எடுக்காதீர்கள். வேண்டுமென்றால் எந்த நாளிலும் சேர்த்துக்கொள்ளலாம். விலைகள் டி.டி.எச். நிறுவனத்தின் இணையதளத்திலும் செயலியிலும் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கூட்டியே கட்டிச் சலுகை வாங்கியவர்கள், நடுவில் மாற்றினால் அந்தச் சலுகை போய்விடுமா என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. பழைய பேக்கை நீக்கும்போது இலவசச் சேனல்களும் சேர்ந்து போய்விட்டால் பதற வேண்டாம். இலவசச் சேனல் தொகுப்பைத் தனியாகச் சேர்த்தால் திரும்ப வந்துவிடும்.

மாற்றியபின் ஒரு வாரம் கணக்கு இருப்பைக் கவனியுங்கள். தினமும் தொகை கழிக்கும் இணைப்பாக இருந்தால், மாதம் 280 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 30 காசு அளவில்தான் குறைய வேண்டும். 11, 12 என்று போனால் பழைய பேக் நீங்கவில்லை அல்லது ஏதோ ஒன்று இரண்டு முறை சேர்ந்திருக்கிறது என்று பொருள். அன்றே அழைத்துச் சொல்லுங்கள். மாதக் கடைசி வரை விட்டால் போன பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம்.

கட்டணச் சேனல் ஒன்றுமே பார்க்காத வீட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அங்கே தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் போதும். ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டிவிட்டால் மாதக் கட்டணமே கிடையாது.