யார் என்பதும், எது கூடும் என்பதும்

பாடசாலையொன்றின் புள்ளிப் பதிவேடு கணினியில் வைக்கப்பட்டிருக்கின்றது எனக் கொள்வோம். மாணவி ஒருத்தி தன் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு உட்புகுகின்றாள். சேவையகம் அவற்றைச் சரிபார்த்து, ரோக்கன் என்னும் எழுத்துத் தொடரொன்றை அவளுக்கு வழங்குகின்றது. அவளது எண் 417 என்பதும், ரோக்கன் காலாவதியாகும் நேரமும் அதனுள் உள. சேவையகம் தனது இரகசியத் திறவினால் இட்ட ஒப்பமும் உண்டு. எழுத்தொன்றை மாற்றினும் ஒப்பம் பொருந்தாது போகும். அதன்பின் அவளது ஒவ்வொரு வேண்டுகோளுடனும் ரோக்கனே செல்லும். கடவுச்சொல் மீண்டும் கேட்கப்படுவதில்லை.

இனி, நாம் விளங்கிக்கொண்டோமா எனச் சோதிப்போம்.

முதலாம் வினா: அவள் தன் புள்ளிகளை `/marks/417` என்னும் முகவரியிற் காண்கின்றாள். அதனை `/marks/418` என மாற்றி அனுப்பினால் நிகழவேண்டியது யாது? ரோக்கன் செல்லுபடியானது, ஆதலின் காட்டலாம் என்பார் பலர். அது தவறு. வந்திருப்பவள் 417 என்பதை மட்டுமே ரோக்கன் மெய்ப்பிக்கின்றது. இஃது அடையாள உறுதிப்பாடு. 418இன் புள்ளிகளை 417 காணலாமா என்பது வேறு வினா. அதற்கு விடையளிப்பது அதிகார வரையறை. அவ்வினாவைச் சேவையகம் ஒவ்வொரு முறையும் தனியே எழுப்புதல் வேண்டும். இதனை மறத்தலே, ஓவாஸ்ப் அமைப்பு 2019இலும் 2023இலும் வெளியிட்ட ஏபிஐ பாதுகாப்புக் குறைபாட்டுப் பட்டியல்களில் முதலிடம் பெற்ற குறையாகும்.

இரண்டாம் வினா: மறுப்பு எவ்வெண்ணுடன் வரும்? ரோக்கன் காலாவதியாயின், அல்லது ஒப்பம் பொருந்தாவிடின், 401. ஆளை அறிந்தும் உரிமை இல்லையெனக் கண்டால், 403. மீண்டும் கடவுச்சொல் இட்டு உட்புகுந்தால் தடை நீங்குமா எனக் கேட்டுப் பாருங்கள். நீங்குமாயின் அது 401, நீங்காதாயின் 403. 401இன் ஆங்கிலப் பெயர் `Unauthorized` என்றிருப்பதே பலரை மயக்குகின்றது. அது குறிப்பது உரிமையின்மையையன்று, அடையாளம் உறுதியாகாமையையே.

மூன்றாம் வினா சற்றுக் கடினமானது. ஆசிரியர் ஒருவர் 9.30 மணிக்கு ரோக்கன் பெறுகின்றார். புள்ளிகளைத் திருத்தும் உரிமை அதில் எழுதப்பட்டுள்ளது, 10.30 வரை அது செல்லும். 10 மணிக்கு அதிபர் அவ்வுரிமையை நீக்குகின்றார். 10.05க்கு ஆசிரியர் புள்ளியைத் திருத்த முயன்றால்? ஆள் அவரே, ஒப்பமும் சரி. ஆயினும் உரிமை இல்லை. ரோக்கனில் எழுதியதை மட்டும் நம்பும் சேவையகம், 10.30 வரை அவரை அனுமதித்துவிடும். எனவே ரோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைப்பர். அன்றித் திருத்தம் போன்ற பாரிய செயல்களுக்கு உரிமைப் பதிவேட்டை அப்போதே பார்ப்பர். ஆயுள் குறைந்தாலும் அச்சில நிமிட இடைவெளி எஞ்சும். பதிவேட்டைப் பார்த்தாலோ அது எஞ்சாது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தேடல் கூடும்.

வாயிற்காவலன் ஆளை அறிவான். அலுமாரித் திறப்பை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அவன் அறியான். இவ்விரண்டையும் வேறாகக் கேட்கும் அமைப்பிலேதான் 418இன் புள்ளிகள் 418க்கே உரியனவாக இருக்கும்.