சிறுநீரகம் தாங்கும் வரை

குடலிலும் கணையத்திலும் வரும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளுக்கு லுட்டீசியம்-177 டோட்டாடேட் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அது கட்டிச் செல்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பீட்டா துகள்களை வெளிவிடும். ஒரு துகள் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர்தான் போகும் என்பதால் பக்கத்து உறுப்புகள் பெரும்பாலும் தப்பிவிடும்.

சிறுநீரகம் அப்படித் தப்புவதில்லை. ஒட்டாத மருந்தை அதுதான் வடிகட்ட வேண்டும். வடிகட்டும்போது அதன் நுண்குழாய்கள், புரதத்தை மீட்பதுபோல, மருந்தில் ஒரு பங்கை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதைக் குறைக்கத்தான் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களையும் கூடவே மணிக்கணக்கில் ஏற்றுகிறார்கள். அப்படியும் கொஞ்சம் தங்கிவிடும்.

வழக்கமான முறையில் எல்லோருக்கும் 7.4 கிகாபெக்கரல்தான். எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை தருவார்கள். ஆனால் எல்லோருடைய சிறுநீரகமும் ஒன்றல்ல. லுட்டீசியம் பீட்டாவோடு கொஞ்சம் காமா கதிரையும் விடுவதால், மருந்து எங்கே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை ஸ்பெக்ட் ஸ்கேனில் அளக்கலாம்.

கணக்குக்காக இருவரை எடுத்துக்கொள்வோம். மருந்து ஏற்றிய மறுநாள் ஸ்கேனில் இருவருக்கும் ஒரே அளவு: சிறுநீரகத்தில் மணிக்கு 0.05 கிரே. படத்தை வைத்து வித்தியாசம் சொல்ல முடியாது. நான்காம் நாளும் ஏழாம் நாளும் மறுபடி எடுத்தால்தான் தெரியும், முதலாமவருக்கு மருந்து 35 மணிக்கொரு முறை பாதியாகிறது, இரண்டாமவருக்கு 70 மணி ஆகிறது என்பது. மொத்தத்தையும் கூட்டினால் முதலாமவரின் சிறுநீரகம் ஒரு தவணையில் வாங்குவது சுமார் 4 கிரே, இரண்டாமவருடையது 6.4 கிரே.

சிறுநீரகத்துக்குப் பல மையங்கள் வைத்திருக்கும் வரம்பு 23 கிரே. முதலாமவருக்கு நான்கு தவணையில் 16தான் ஆகிறது, ஐந்தாவதும் கொடுக்கலாம். நான்கோடு நிறுத்தினால் கட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய கதிரை வீணாகக் கைவிட்டவர்களாவோம். இரண்டாமவருக்கு அதே நான்கு தவணை 25.6 கிரே, வரம்பு மீறிவிடும். மூன்றோடு நிறுத்த வேண்டும், அல்லது அடுத்த மூன்று தவணைகளையும் சுமார் 6.4 கிகாபெக்கரலாகக் குறைக்க வேண்டும்.

சுவீடனின் உப்சாலாவில் இப்படித்தான் செய்தார்கள். தவணை எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்யாமல், சிறுநீரகம் 23 கிரேயைத் தொடும்வரை கொடுத்தார்கள். ரத்த அணுக்கள் குறைந்தாலோ நோய் முற்றினாலோ முன்பே நிறுத்தினார்கள்.

அந்த 23-ஐயும் கல்லில் செதுக்கிய எண்ணாக நான் பார்க்கவில்லை. அது வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்சிகிச்சை அனுபவத்தில் வந்தது. லுட்டீசியமோ நாட்கணக்கில் மெல்ல மெல்லக் கதிரைத் தருகிறது. செல்கள் இடையிடையே தங்களைச் சரிசெய்துகொள்ள முடிகிறது. அதனால் சில மருத்துவர்கள் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இதைத் தாண்டியும் போகிறார்கள். நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருப்பவரிடம் அந்தத் துணிச்சல் கூடாது.

அளவிலும் பிழை நுழையும். சிறுநீரகத்தை ஒட்டி ஒரு கட்டி இருந்தால் அதன் ஒளி சிறுநீரகக் கணக்கில் கலந்து டோஸைக் கூட்டிக் காட்டும். இடது, வலது எண்கள் பெரிதும் மாறுபட்டால், தவணையைக் குறைக்கும் முன் படத்தைத் திரும்பப் பார்ப்பார்கள்.