கோரிக்கை முதல் இரண்டு வரியில்

நீண்ட மின்னஞ்சல்களில் கோரிக்கை பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். எழுதுபவர் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு வருவதே காரணம். ஓர் அலுவலகத்தில் பிரிண்டர் பராமரிப்பு ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்கான மின்னஞ்சல் பழைய பழுதுகளில் தொடங்கி, இரண்டு நிறுவனங்களின் விலைகளைச் சொல்லி, "தங்கள் முடிவை எதிர்பார்க்கிறோம்" என்று முடிகிறது. என்ன முடிவு, எப்போதைக்குள் என்பது அதில் இல்லவே இல்லை.

திருத்தும்போது அந்தக் கடைசி வரியை வெட்டி, வணக்கத்துக்கு அடுத்து ஒட்ட வேண்டும். பிறகு செயல், தொகை, கெடு மூன்றையும் அதில் சேர்க்க வேண்டும்: "பிரிண்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தை ரூ.18,500க்குப் புதுப்பிக்க, 28ஆம் தேதிக்குள் தங்கள் ஒப்புதல் தேவை. தாமதமானால் அடுத்த பழுதுக்குத் தனிக் கட்டணம் ஆகும்." நலம் விசாரிப்பு இதற்கு முன்னால் வந்தால், கைபேசியின் அஞ்சல் பட்டியலில் தெரியும் சில சொற்களை அதுவே தின்றுவிடும்.

பழுதுகளின் கதை "பின்னணி" என்ற தலைப்பில் கீழே போகலாம். விலைப்பட்டியலை இணைப்பாக அனுப்பலாம். மேலே எழுதிய இரண்டு வரிகளை மட்டும் படித்து "சரி" என்று பதில் போட முடியாவிட்டால், திருத்தம் இன்னும் முடியவில்லை.