உரியுது கோட்... உள்ளே ஒரு கெமிஸ்ட்ரி!

மூணு வருஷத்துக்கு முன்னாடி வாங்கின ரெயின்கோட். போன டிசம்பர்ல மழை விட்டதும் மடிச்சு, பாலிதீன் கவர்ல சுருட்டி, பீரோ மேல வச்சீங்க. அக்டோபர்ல முதல் மழைக்கு எடுத்துப் பிரிச்சா... பிசுபிசுன்னு ஒட்டுது. மடிப்பை இழுத்தா உள்பக்கத்துல இருந்து செதில் செதிலா உதிருது. 'மொத்தமே இருபது தடவைதான் போட்டிருப்பேன், அதுக்குள்ள எப்படி பாஸ்?'னு கேக்குறீங்களா? போட்டதால கெடல. வச்ச விதத்துல கெட்டுப்போச்சு!

கோட்டோட துணி வெறும் நைலான் அல்லது பாலியெஸ்டர்தான். அதுல தண்ணி தாராளமா இறங்கும். அதைத் தடுக்கத்தான் உள்பக்கம் பாலியூரித்தேனை மெல்லிய படலமா பூசுறாங்க. சுருக்கமா 'பியு'. காலேஜ் பேக் உள்பக்கம், லெதர் மாதிரியே இருக்கற ஜாக்கெட், ஹேண்ட்பேக் எல்லாத்துலயும் இதே பூச்சுதான்.

பியு படலம் நீளமான சங்கிலி மூலக்கூறுகளால ஆனது. அதுல விறைப்பான துண்டும், ரப்பர் மாதிரி வளையற துண்டும் மாறி மாறி வரும். விலை குறைவான பூச்சுகள்ல அந்த வளையற துண்டு பெரும்பாலும் எஸ்டர் பிணைப்புகளால ஆனதா இருக்கும். வில்லங்கம் அங்கேதான்!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. எஸ்டரோட தண்ணி சேர்ந்தா அமிலமும் ஆல்கஹாலுமா பிரியும். பேரு நீராற்பகுப்பு. கோட்டுக்குள்ளயும் அதேதான் நடக்குது. இதுக்கு மழை வேணும்னுகூட இல்லை, காத்துல இருக்கற ஈரமே போதும். ஒவ்வொரு பிணைப்பு அறும்போதும் சங்கிலி சின்னதாகுது. அப்போ பிறக்கற அமிலம் படலத்துக்குள்ளயே தங்கி, அடுத்த பிணைப்பு அறுறதை வேகப்படுத்துது. அதனாலதான் ரெண்டு வருஷம் ஒண்ணுமே தெரியாம இருந்துட்டு, திடீர்னு ஒரே சீசன்ல மொத்தமும் போயிடுது.

'துணியும் பாலியெஸ்டர்தானே, அது ஏன் உதிரல?' நல்ல கேள்வி. இழையில மூலக்கூறுகள் நெருக்கமா அடுக்கி இருக்கறதால ஈரம் சுலபமா நுழைய முடியாது. பூச்சு வளையணுமேன்னு தளர்வா இருக்கு, ஈரம் நுழைஞ்சிடுது. அதான் துணி தப்பிச்சு, பூச்சு மட்டும் உரியுது.

இதுல வெயிலும் சேர்ந்தா கேக்கவே வேணாம். வெப்பம் 10 டிகிரி ஏறினா, இந்த மாதிரி வினைகளோட வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும். சென்னை மே மாசப் புழுக்கத்துல, ஈரம் வெளியேற முடியாத கவருக்குள்ள, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கற பீரோ மேல... வேற வில்லனே வேணாம்!

முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா? முடியும். முதல்ல லேசா புளிச்ச வாடை வரும். அப்புறம் மடிப்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். கடைசியா தோள், முழங்கை, ஜிப் ஓரம்னு அதிகமா மடங்கற இடத்துல விரிசல் விழும். லெதர் மாதிரி ஜாக்கெட்ல இந்த விரிசல்தான் முதல்ல கண்ணுல படும்.

சரி, எப்படித் தள்ளிப்போடறது?

மழையில நனைஞ்சா சாதா தண்ணியில அலசி, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி நிழல்ல மாட்டுங்க. ரெண்டு பக்கமும் நல்லா காஞ்சப்புறம்தான் உள்ளே வைக்கணும். பாலிதீன் கவர் வேண்டவே வேண்டாம். ஹேங்கர்ல தொங்க விடுங்க, இல்லைன்னா காட்டன் பையில தளர்வா போடுங்க. ரூம்லயே சூடு குறைஞ்ச, காத்தோட்டமான இடமா பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, காத்தாட விட்டா போதும். வெந்நீர், வாஷிங் மெஷின் டிரையர், அயர்ன் பாக்ஸ் மூணுக்கும் தடா. வியர்வை பட்ட ஜாக்கெட் காலரை ஈரத்துணியால துடைச்சு, உடனே காய வையுங்க.

இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அறுந்த சங்கிலி திரும்ப ஒட்டாது. பசை தடவினாலும் நிக்காது. பசை பிடிச்சுக்க வேண்டிய படலமே உதிருதே! பிசுபிசுத்த பேக்குக்கு மட்டும் ஒரு வழி இருக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை துணியில நனைச்சு, மிச்சப் பூச்சைத் தேய்ச்சு எடுத்துடலாம். (ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, நெருப்பு பக்கத்துல இல்லாம செய்யுங்க. ஓரத்துல கொஞ்சமா தேய்ச்சு, சாயம் போகுதான்னு முதல்ல பாருங்க.) பேக் பிழைக்கும், ஆனா தண்ணியைத் தடுக்காது. சர்டிஃபிகேட் ஃபைலை அதுல வைக்கறதுக்கு முன்னாடி தனிக் கவர்ல போட்டுக்கோங்க.

கடைசியா ஒண்ணு. பியுவோட வயசு நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்லை, தயாரிச்ச நாள்ல இருந்தே ஓட ஆரம்பிக்குது. ஆடித் தள்ளுபடியில பாதி விலைக்குக் கிடைக்கற கோட், ரெண்டு வருஷம் குடோன் புழுக்கத்துல கிடந்ததா இருக்கலாம். லேபிள்ல தயாரிப்புத் தேதியைப் பாருங்க. உள்பக்கத்தை மடிச்சு, விரலால அழுத்திப் பிடிச்சு, விடுங்க. 'பச்சக்'னு ஒட்டிக்கிட்டா, எவ்வளவு தள்ளுபடின்னாலும் அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க!