ரொம்ப சந்தோஷம் 🙃

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகளிடமிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. “தீபாவளிக்கு மூணு நாள் லீவு கேட்டேன். தீபாவளி அன்னைக்கே ஆபீஸ் வரச் சொல்லிட்டாங்க. ரொம்ப சந்தோஷம் 🙃”

இரண்டு நிமிடத்தில் எங்கள் பெரிய அண்ணன் பதில் போட்டார்: “உழைப்பே உயர்வு தரும் கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா எங்களுக்கும் சந்தோஷம்.” கூடவே மூன்று ரோஜாப்பூ.

அடுத்த நிமிடம் எனக்கு போன். “சித்தப்பா, பெரியப்பா நெஜமாவே அப்படி நினைச்சுட்டாரா? அந்த மூஞ்சியைப் பார்க்கலையா?”

பார்த்தார். தலைகீழாக இருந்தாலும் சிரித்த முகம்தானே என்று எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. வாய் சிரிக்கிறது, வார்த்தையும் ‘சந்தோஷம்’ என்கிறது. ஆனால் இந்தத் தலைமுறை இந்த முகத்தை அனுப்புவது பெரும்பாலும் சந்தோஷத்தில் அல்ல. ‘சொல்லிப் பயனில்லை, சிரித்துத் தொலைக்கிறேன்’ என்ற அலுப்பில்தான்.

நேரில் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ‘ரொம்ப சந்தோஷம்’ என்பதை நாம் இரண்டு விதமாகச் சொல்வோம். மகிழ்ச்சியில் சொன்னால் குரல் மேலே போகும். வெறுத்துப்போய்ச் சொன்னால் ‘ரொம்ப’வை இழுத்து, ‘சந்தோஷ’த்தைத் தொப்பென்று கீழே போடுவோம். ஒரு பெருமூச்சும் சேரும். எழுத்தில் இழுப்பும் இல்லை, மூச்சும் இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் முகம் கவிழ்கிறது.

அவள் செய்தியை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கடைசி முகத்தை எடுத்துவிட்டால் வாக்கியம் மொட்டையாக நிற்கும். கோபமா, கிண்டலா என்று தெரியாது. கண்ணை மேலே உருட்டும் 🙄 போட்டால் அதிகாரிமேல் எரிச்சல் என்று ஆகிவிடும். தாரை தாரையாக அழும் 😭 போட்டால் ஆறுதல் கேட்கிறாள் என்று அர்த்தம். 🙃 இந்த இரண்டையும் செய்வதில்லை. யாரையும் திட்டவில்லை, ஆறுதலும் கேட்கவில்லை. நிலைமை இதுதான், எனக்கும் தெரியும், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. ‘நம்ம பொழப்பு சிரிப்பா சிரிக்குது’ என்று ஊரில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே தொனி.

பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி இங்கே நினைவுக்கு வரலாம். தொண்டைமானின் படைக்கலங்கள் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் சொல்வது, புகழ்வதுபோல் போரறியாதவனைக் குத்துவது. சொல் ஒன்று, பொருள் வேறு என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஔவையின் அம்பு எதிரே இருப்பவரை நோக்கிப் போகிறது. கவிழ்ந்த முகத்தின் அம்பு பெரும்பாலும் அனுப்புகிறவரின் சொந்த நிலைமையையே குத்துகிறது.

கவிழ்த்தால் எப்படி இந்தப் பொருள் வந்தது? போனைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சாதாரணப் புன்னகை முகம் 🙂 தெரியும். வேறு எந்த மாற்றமும் இல்லை. இப்போது போனை நேராக்குங்கள். வாய் மேலே போய்விட்டது, கண்கள் கீழே வந்துவிட்டன. வாயை மட்டும் பாருங்கள். சிரிப்பின் கோடு கிண்ணம்போல் இருக்கும். கவிழ்த்த கிண்ணம் சோகத்தின் கோடு. ஆக, ஒரே கோடு முகத்தோடு சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு, தனியாகப் பார்த்தால் சோகம். இந்த இரட்டைத்தனம்தான் அதன் பலம் என்பது என் எண்ணம்.

எழுத்தில் தொனி தொலைந்துபோவது பழைய கவலை. 1668-இல் ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், எதிர்மறைப் பொருளில் சொல்லும் வாக்கியத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று யோசித்தார். அவர் முன்வைத்தது, தலைகீழான ஆச்சரியக்குறி. அது வழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பிப் படி என்பதற்குக் குறியையே திருப்பிப் போடும் யோசனை அப்போதே தோன்றிவிட்டது. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், கணினிச் செய்திப் பலகையில் வேடிக்கைப் பேச்சை நிஜம் என்று பலர் எடுத்துக்கொள்வதைப் பார்த்து, :-) என்று போடலாமே என்றார். அந்தச் சிரிப்பும் மகிழ்ச்சியைக் காட்ட வரவில்லை. ‘இது விளையாட்டு’ என்று எச்சரிக்கத்தான் வந்தது.

நம் கவிழ்ந்த முகம் பிறந்தது 2015-இல். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலின் எட்டாம் பதிப்பில் அது சேர்ந்தது. தமிழ் ‘அ’ U+0B85 என்றால் இது U+1F643. நேரான புன்னகை அதற்கு முந்தைய எண்ணில், U+1F642-இல், பக்கத்து வீட்டுக்காரர்போல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இதன் பெயர் ‘தலைகீழ் முகம்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. கிண்டல் என்றோ சலிப்பு என்றோ பெயரில் ஒரு சொல்லும் இல்லை. யூனிகோட் கொடுத்தது எண்ணும் உருவமும்தான், மனநிலையைப் பயன்படுத்தியவர்களே ஊற்றினார்கள்.

பெயரில் மனநிலை இல்லாததால் ஒரு சிக்கலும் உண்டு. பார்வையற்றவர்களின் போன் செய்தியை வாசித்துக் காட்டும்போது ‘தலைகீழ் முகம்’ என்று மட்டும் சொல்லும். கிண்டலைக் கேட்பவர் தானே ஊகிக்க வேண்டும்.

ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. முகத்தை விட்டுவிட்டுச் செய்தியைப் படியுங்கள். நடந்தது கெட்டது, சொல் மட்டும் நல்லது என்று இரண்டும் ஒட்டாமல் நின்றால் அது அலுப்பு. எங்கள் வீட்டுச் செய்தியில் லீவு போனது கெட்டது, சந்தோஷம் நல்லது. நடந்ததும் நல்லது, சொல்லும் நல்லது என்றால் அந்த முகம் சும்மா குறும்பு, குழந்தை தலைகீழாக நின்று காட்டுவதுபோல. அப்படிப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் வருவது, நடந்ததே சொல்லப்படாத செய்தியில். அதிகாரி கேட்டதற்கு ‘சரி சார் 🙃’ என்று மட்டும் எழுதினால், சம்மதமா, நக்கலா என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்வார். பெரும்பாலும் நக்கல் என்றே முடிவு கட்டுவார். மேலதிகாரிக்கு இதை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம் பெரிய அண்ணனுக்கு விளக்கினேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ அவ வருத்தப்பட்டாளா? ரோஜாப்பூ வேற போட்டுட்டேனே” என்றார். உடனே அவளுக்கு போன் செய்து அரை மணி நேரம் பேசினார்.

போன வாரம் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி: “பேத்திக்கு முதல் பல் முளைச்சிருக்கு 🙃”

படித்ததும் நாங்கள் எல்லோரும் ஒரு கணம் தடுமாறினோம். நடந்தது நல்லது, சொல்லும் நல்லது. பிறகு அண்ணன் மகள்தான் முதலில் பதில் போட்டாள். மூன்று ரோஜாப்பூ.