ஆடிட்டரிடம் தவணை கேட்கும் கடிதம்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்தும் அன்பர்கள் சிலர், ஆகஸ்ட் மாதம் பிறந்ததும் ஆடிட்டருக்கு ஒரு கடிதம் எழுதுவதுண்டு. "கணக்குகள் முழுமையாகவில்லை; தயவுசெய்து அவகாசம் தரவும்" என்பதே அதன் சாரம். இப்படிப்பட்ட கடிதத்தால் பயனில்லை. ஆடிட்டர் தம் வேலையைத் தள்ளிவைக்கலாமே தவிர, சட்டத்தின் கெடுவைத் தள்ளிவைக்க அவரால் முடியாது.

மார்ச் 31ல் கணக்கு முடிக்கும் கம்பெனி, செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். கூட்ட அறிவிப்பு பொதுவாக 21 நாள் முன்னதாகத் தணிக்கை அறிக்கையோடு போகவேண்டும். ஆகவே செப்டம்பர் முதல் வாரமே உண்மையான கெடு. அதற்கு மேல் தவணை வேண்டுமானால் கம்பெனிப் பதிவாளரிடம்தான் கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் அவர் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். புதிய கம்பெனியின் முதல் கூட்டத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, திருவள்ளூர் உள்ளிட்ட 4 மாவட்டங்களுக்கு ஜி.எஸ்.டி. மாதக் கணக்குத் தாக்கல் 20ம் தேதியிலிருந்து 27க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவும் அரசு தந்த தவணைதான்.

அப்படியானால் ஆடிட்டருக்கு என்ன எழுதுவது? எது இல்லை, ஏன் இல்லை, எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் பதிலுக்கு என்ன தருவோம் என்று எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"ஐயா, வணக்கம். விற்பனைப் பேரேடும் பாங்கு ஸ்டேட்மெண்டும் இத்துடன் அனுப்பியுள்ளோம். நவம்பர், டிசம்பர் கொள்முதல் பில்கள் மழைநீரில் நனைந்து அழிந்தன. சரக்கு கொடுத்தவர்களிடம் நகல் கேட்டிருக்கிறோம். ஆகஸ்ட் 22க்குள் தருகிறோம். மார்ச் 31 சரக்கிருப்புப் பட்டியல் எடுக்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று தங்கள் ஆள் முன்னிலையில் எண்ணித் தருகிறோம்."

மார்ச் இருப்பை ஆகஸ்டில் எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். பருப்புப் பொட்டலம் கட்டும் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 20ல் குடோனில் 420 மூட்டை இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அன்றுவரை வந்தது 1,100. வெளியே போனது 980. இன்றைய 420உடன் போன 980ஐக் கூட்டினால் 1,400. வந்த 1,100ஐக் கழித்தால் மார்ச் 31ல் இருந்தது 300 மூட்டை. ஏப்ரலுக்குப் பிந்திய பில்கள் ஒழுங்காக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பேரேட்டில் 360 என்று இருந்தால் அந்த 60 மூட்டைக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். சேதாரமா, பில் போடாத விற்பனையா என்பதுதான் ஆடிட்டரின் முதல் கேள்வியாக இருக்கும்.

காணாத பில்லுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எழுதி வைப்பது மட்டும் கூடவே கூடாது. சரக்கு கொடுத்தவரின் ஜி.எஸ்.டி. கணக்கோடு ஒப்பிட்டால் வெளிப்பட்டுவிடும். ஆதாரம் கிடைக்காத தொகை பெரிதாக இருந்தால், ஆடிட்டர் தம் அறிக்கையில் அதைக் குறையாகக் குறிப்பிடுவார். பாங்கில் கடன் கேட்டுப் போகும்போது மேனேஜர் கண்ணில் அந்த வரி படும்.