லோகோ தெரிந்தால் பாதி உயிர் இருக்கிறது

அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் ஆப்பிள் லோகோவிலேயே நின்றுவிட்டால், மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கு ஓடும் முன் அந்த லோகோவையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். போன் விழித்ததும் முதலில் ஓடுவது சிப்பில் பொறிக்கப்பட்ட, யாராலும் மாற்ற முடியாத பூட் ரோம். அது ஐபூட் என்ற நிரலைச் சரிபார்த்து எழுப்பும். ஐபூட்தான் லோகோவைக் காட்டிவிட்டு ஐஓஎஸ்ஸை அழைக்கும். ஆக, லோகோ தெரிகிறது என்றால் ஐபூட் நலம். கோளாறு பெரும்பாலும் அதற்கு மேலே. ரிக்கவரி மோடை நடத்துவதும் இதே ஐபூட்தான் என்பதால் முதல் மருந்து அந்த மோடே. லோகோவுக்குக் கீழே கோடு இருந்தால் மட்டும், அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஐபோன் 8 முதலான மாடல்களில், கணினியுடன் கேபிளில் இணைத்து, வால்யூம் அப்பை அழுத்தி விடுங்கள்; வால்யூம் டவுனையும் அப்படியே; பிறகு பக்கவாட்டுப் பொத்தானை, லோகோ வந்தாலும் விடாமல், கேபிள் படம் தெரியும்வரை பிடியுங்கள். கணினியில் `Update` கொடுத்தால் படங்கள் அழியாமல் ஐஓஎஸ் மட்டும் மீண்டும் ஏறும். `Restore` எல்லாவற்றையும் அழிக்கும். பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் ரிக்கவரியிலிருந்து வெளியேறிவிடும். நம் ஊர் இணைய வேகத்தில் இது சகஜம். பதிவிறக்கம் முடிந்தபின் பொத்தான்களை மீண்டும் அழுத்தினால் போதும்.

‘டிஎஃப்யூ போட்டால்தான் முழுசாகச் சுத்தமாகும்’ என்பார்கள். அதில் ஐபூட்டே எழாது. பூட் ரோம் மட்டும் யூஎஸ்பியில் காத்திருக்கும், திரை முழுக் கறுப்பு. லோகோ தெரிந்தால் அது டிஎஃப்யூ அல்ல. ஐபூட்டே சிதைந்தபோது அது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் இரு வழியிலும் ஏறுவது ஆப்பிள் கையொப்பமிட்ட அதே மென்பொருள். டிஎஃப்யூவில் தரவைக் காக்கும் `Update` வாய்ப்பு இல்லை. கேபிளையும் கணினியையும் மாற்றியும் `4013` பிழை திரும்பத் திரும்ப வந்தால், வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். அதை எந்த மோடும் சரிசெய்யாது.